ஜிங்க் பூச்சு எத்தனை மைக்ரான்? ஆம்பியரும் நிமிடமும் வைத்துக் கணக்கிடும் முறை

காசிமேடு, எண்ணூர் பக்கம் கடற்காற்றில் மாட்டப்போகும் இரும்புப் பட்டை என்றால், வாங்குபவர் முதலில் கேட்பது “எத்தனை மைக்ரான் ஏத்தினீங்க?” என்பதுதான். பளபளப்பைக் காட்டிச் சமாளிக்க முடியாது. 3 மைக்ரான் பூச்சும் 10 மைக்ரான் பூச்சும் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் மின்னும். கொருக்குப்பேட்டைப் பட்டறையில் சின்னதாக ஒரு ஜிங்க் தொட்டி வைத்த பிறகு நான் பயன்படுத்தும் கணக்கு இது. ரெக்டிஃபையர், ஆசிட் கழுவல், ஜிக் மாட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகக் கணக்குக்குப் போகிறேன்.

1. எவ்வளவு மின்னூட்டம் போனது?

ஆம்பியரை வினாடியால் பெருக்கினால் கூலும் கிடைக்கும். 8 ஆம்பியர், 10 நிமிடம் என்றால் 8 × 600 = 4,800 கூலும். நிமிடத்தை வினாடியாக மாற்ற மறக்காதீர்கள்.

ரெக்டிஃபையரில் இருக்கும் பழைய முள் மீட்டரை நான் நம்புவதில்லை. கிளாம்ப் மீட்டர் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பலவும் ஏசி மட்டுமே காட்டும். டிசி ஆம்பியரும் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

2. அதில் எத்தனை கிராம் ஜிங்க் படியும்?

கரைசலில் இருக்கும் ஒவ்வொரு ஜிங்க் அயனியும் உலோகமாகப் படிய இரண்டு எலக்ட்ரான் வேண்டும். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலும். இதுதான் ஃபாரடே மாறிலி. ஆக ஒரு மோல் ஜிங்க், அதாவது 65.38 கிராம் படிய, 2 × 96,485 = 1,92,970 கூலும் தேவை. நம்மிடம் இருப்பது 4,800. வகுத்தால் 0.02487 மோல், எடையில் 1.63 கிராம்.

இது ஒரு சொட்டு மின்சாரம்கூட வீணாகாமல் இருந்தால் கிடைக்கும் எடை. நடைமுறையில் கொஞ்சம் மின்சாரம் ஹைட்ரஜன் குமிழி விடுவதில் போய்விடும். ஆசிட் குளோரைடு ஜிங்க் பாத் நல்ல நிலையில் இருந்தால் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது 1.545 கிராம்.

3. பரப்பளவு

பெரும்பாலும் கணக்கு கெடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் பட்டை 120 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம். 12 × 4 = 48 சதுர செ.மீ. என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அது ஒரு முகம்தான். பின்பக்கமும் தொட்டியில்தான் இருக்கிறது, அங்கேயும் ஜிங்க் படியும். இரண்டு முகத்துக்கும் 96. நான்கு விளிம்புகளையும் சேர்த்தால் இன்னும் 9.6. இரண்டு 8 மி.மீ. துளைகளில் முகத்திலிருந்து கொஞ்சம் போகிறது, துளையின் உள்சுவரால் கொஞ்சம் வருகிறது. மொத்தத்தில் அரை சதுர செ.மீ. குறையும். ஒரு பட்டைக்கு 105 சதுர செ.மீ. ஜிக்கில் நான்கு பட்டை என்றால் 420.

ஒரு முகத்தை மட்டும் எடுத்தால் தாளில் இரு மடங்குக்கு மேல் மைக்ரான் வரும், பட்டையில் அதில் பாதிகூட இருக்காது. ஜிக் கம்பியில் பிளாஸ்டிக் பூச்சு உரிந்திருந்தால் அந்த இடமும் மின்சாரத்தைத் தின்னும். உரிந்த பகுதியை அளந்து சேருங்கள், இல்லை ஜிக்கை மாற்றுங்கள். நான் மாற்றிவிடுவேன்.

4. தடிமன்

ஜிங்கின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.14 கிராம். 1.545 ÷ 7.14 = 0.2164 கன செ.மீ. இதை 420 சதுர செ.மீ. மேல் பரப்பினால் 0.000515 செ.மீ., அதாவது 5.15 மைக்ரான். 8 மைக்ரான் வேண்டுமென்றால், அதே ஆம்பியரில் 10 × 8 ÷ 5.15, ஏறக்குறைய பதினைந்தரை நிமிடம்.

மொத்தத்தையும் ஒரே வரியில் எழுதினால்:

```
d = (I × t × M × η) / (n × F × ρ × A)
```

இணையத்தில் இதற்கென்று கால்குலேட்டர்கள் உண்டு. அவற்றில் சில, η என்ற அந்தச் செயல்திறனை எவ்வளவு என்று எடுத்துக்கொண்டன என்பதைச் சொல்வதே இல்லை. போனில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். B1-ல் ஆம்பியர், B2-ல் நிமிடம், B3-ல் சதுர செ.மீ. போட்டால் விடை மைக்ரானில் வரும்:

```
=B1*B2*60*65.38*0.95/(2*96485*7.14*B3)*10000
```

5. தராசில் சரிபார்ப்பது

இந்தப் பட்டை ஒன்றின் எடை சுமார் 110 கிராம். அதில் ஏற வேண்டியது 0.39 கிராம். மளிகைக்கடைத் தராசுக்கு இது தெரியவே தெரியாது, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

எப்போது எடை போடுகிறோம் என்பது முக்கியம். ஆசிட்டில் போடுவதற்கு முன்னால் எடுத்த எடை உதவாது. துருவும் கொஞ்சம் இரும்பும் ஆசிட்டில் போய்விடும், ஏறிய ஜிங்க் குறைவாகத் தெரியும். கழுவித் துடைத்து, பிளேட்டிங்குக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் வேகமாக உலர்த்தி எடை போடுங்கள். பிறகு திரும்ப லேசாக ஆசிட்டில் முக்கி எடுத்து ஜிக்கில் மாட்டலாம். இரண்டாவது எடை, பாசிவேஷனுக்கு முன். பாசிவேஷன் கரைசல் மேலாக கொஞ்சம் ஜிங்கைக் கரைத்துவிடும்.

எடை சரியாக வந்து, பூச்சுத் தடிமன் அளக்கும் மீட்டரில் மைக்ரான் மட்டும் எந்த இடத்திலும் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் பரப்பளவைத்தான் சந்தேகப்பட வேண்டும். எடைக் கணக்கில் பரப்பளவு வருவதே இல்லை. எடையே குறைந்தால் ஆம்பியர், செயல்திறன், இல்லையென்றால் ஜிக்கில் தளர்ந்த பிடி.

இன்னொன்று: 5.15 என்பது சராசரி. மின்சாரம் மூலைகளிலும் விளிம்புகளிலும் குவியும், நடுவிலும் குழிகளிலும் குறையும். 8 மைக்ரான் கேட்பவர் முக்கியமான முகத்தில் எங்கே தொட்டாலும் 8 இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். இந்த மாதிரித் தட்டையான பட்டைக்கு நான் கால் பங்கு கூட்டி, 10 மைக்ரானுக்கு நேரம் வைப்பேன். வளைவும் குழியும் உள்ள பொருளுக்கு அதுவும் போதாது. நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை

திருவொற்றியூரிலிருந்து ஒருவர், ஆல்கலைன் ஜிங்க் பாத்தில் நேரத்தைப் பாதியாக்கி ஆம்பியரை இரட்டிப்பாக்கினேன், தடிமன் குறைகிறதே என்று எழுதியிருந்தார். கூலும் மாறவில்லை, செயல்திறன்தான் மாறியது. அந்த பாத்தில் ஆம்பியர் ஏற ஏற குமிழி அதிகமாகி, செயல்திறன் இறங்கும். 0.95-ஐ அங்கே போடாதீர்கள். நீங்கள் ஓட்டும் ஆம்பியரிலேயே ஒரு பட்டையை எடை போட்டு, வந்த எடையை 100 சதவீத எடையால் வகுத்து, அந்த எண்ணைப் போடுங்கள்.

இன்னொருவர் இதே ஷீட்டில் 63.55, 8.96 என்று செம்புக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். கணக்கைவிட எடை அதிகமாக வந்ததாம். நூறு சதவீதத்துக்கு மேல் எந்த பாத்தும் தராது. அவருடையது சயனைடு செம்பு. அதில் செம்பு அயனிக்கு ஒரு எலக்ட்ரான்தான், ஆகவே ஃபார்முலாவில் 2-க்குப் பதில் 1 வர வேண்டும். ஆசிட் செம்பு சல்ஃபேட் என்றால் 2 அப்படியே இருக்கட்டும்.