கடிதத்தில் ‘எச்.பி.வி. இருக்கிறது’ என்று வந்தால்

இங்கிலாந்துக்கு வந்து ஜி.பி. மருத்துவமனையில் பதிவு செய்த சில மாதங்களில், வீட்டுப் பெண்களின் பெயருக்கு ஒரு கடிதமோ என்.எச்.எஸ். செயலியில் ஒரு செய்தியோ வரும். கருப்பை வாய்ப் பரிசோதனைக்கான அழைப்பு அது. இங்குள்ள தமிழர்கள் இதை ‘ஸ்மியர் டெஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். “எனக்கு ஒன்றுமில்லையே, எதற்கு அழைக்கிறார்கள்?” என்று பலர் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை. 25 முதல் 64 வயது வரை உள்ள பெண்கள் அனைவருக்கும் அழைப்பு வரும், கட்டணம் இல்லை.

பரிசோதனையைப் பெரும்பாலும் ஜி.பி. மருத்துவமனையின் செவிலியர்தான் செய்வார். பெண் செவிலியர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் அப்போதே சொல்லலாம். அதற்கும் பணம் கேட்க மாட்டார்கள். இடுப்புக்குக் கீழே உள்ள ஆடையை மட்டும் கழற்றிவிட்டு, மேலே ஒரு காகித விரிப்பைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். ஸ்பெகுலம் என்னும் கருவியை உள்ளே வைத்து, மென்மையான சிறு தூரிகையால் கருப்பை வாயைச் சுற்றித் துடைத்து எடுப்பார். வலித்தால் “நிறுத்துங்கள்” என்று சொல்லுங்கள், நிறுத்திவிடுவார். அடுத்தமுறை சிறிய ஸ்பெகுலம் கேட்கலாம். இதுவரை யாருடனும் உடலுறவோ வேறு வகைப் பாலுறவுத் தொடர்போ இல்லாதவருக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு. அப்படிப்பட்டவர் அதைச் செவிலியரிடம் சொல்லி, இப்போதைக்குப் பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். நீங்கள் சொல்வது வீட்டுக்குப் போகாது.

எடுத்த மாதிரியில் முதலில் தேடுவது புற்றுநோயை அல்ல, எச்.பி.வி. என்ற வைரஸை. கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இந்த வைரஸின் சில வகைகளே காரணம். அதனால் வைரஸ் இல்லையென்றால் செல்களைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 2025 ஜூலை முதல் இங்கிலாந்தில் இப்படி ‘இல்லை’ என்று முடிவு வருபவர்களுக்கு அடுத்த அழைப்பு 5 ஆண்டு கழித்துத்தான்.

வைரஸ் இருந்தால் அதே மாதிரியை நுண்ணோக்கியில் வைத்து, செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ‘எச்.பி.வி. இருக்கிறது, செல்களில் மாற்றம் இல்லை’ என்று கடிதம் வந்தால், ஓராண்டு கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். உடலின் எதிர்ப்பு சக்தி பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் இந்த வைரஸை அடக்கிவிடும்; அதற்குத்தான் அந்த அவகாசம். அடுத்தடுத்து மூன்று பரிசோதனைகளிலும் வைரஸ் விலகாமல் இருந்தால், செல்கள் நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ‘மாதிரி போதவில்லை’ என்று வந்தால் அது நோயைப் பற்றிய செய்தியே அல்ல. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் பல வீடுகளில் சண்டையை மூட்டியிருக்கிறது. எச்.பி.வி. பாலுறவுத் தொடர்பால் பரவுவது என்பது உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் உடலில் தங்கியிருக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். கணவரோ மனைவியோ துரோகம் செய்தார் என்பதற்கு இது சான்றாகவே ஆகாது. கடிதத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.

செல்களில் மாற்றம் தெரிந்தால், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்கு அழைப்பு வரும். ஹாரோவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு 31 வயதில், இந்த நாட்டில் எடுத்த முதல் பரிசோதனையிலேயே ‘உயர்நிலை மாற்றம்’ என்று வந்தது. அவளுடன் நானும் போயிருந்தேன். கருப்பை வாயின்மேல் வினிகரைப் போன்ற ஒரு திரவத்தைத் தடவினார்கள். மாறிய செல்கள் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. திரையில் அவளும் பார்த்தாள். அந்த இடத்திலிருந்து அரிசிமணி அளவுக்குத் துணுக்கு எடுத்தார்கள். சில வாரங்களில் வந்த முடிவு ‘சி.ஐ.என். 3’.

அன்று இரவு அவள் அழுதுகொண்டே தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, மூணாவது ஸ்டேஜா?” இல்லவே இல்லை. சி.ஐ.என். என்பது புற்றுநோயின் படிநிலை அல்ல. மேல்தோலின் எத்தனை பங்கு தடிமனுக்கு மாறிய செல்கள் ஏறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் அளவு அது. 1 என்றால் கீழ் மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், கண்காணித்தால் போதும். 3 என்றால் ஏறக்குறைய முழுத் தடிமனும். அப்போதும் அது மேல்தோலைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. ஆனால் சும்மா விட்டால் சிலருக்குப் பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால் அகற்றிவிடுகிறார்கள்.

அவளுக்கு அந்த இடத்தை மரக்கச் செய்து, மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுத்தார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு வாரங்களுக்கு உடலுறவு, டாம்பான், நீச்சல் கூடாது என்றார்கள். இரத்தம் கலந்த கசிவு இருக்கும் என்றும், அது மிக அதிகமானாலோ துர்நாற்றம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே அழைக்க வேண்டும் என்றும் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். குழந்தை பெற முடியுமா என்பதுதான் அவளுடைய கவலை. முடியும். ஆழமாக வெட்டி எடுத்திருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆகவே கர்ப்பமானதும் இந்தச் சிகிச்சையைப் பற்றி மிட்வைஃபிடம் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எச்.பி.வி. இல்லை. சிகிச்சை பெற்றவள் என்பதால் அடுத்தது 3 ஆண்டு கழித்து.

தடுப்பூசியைப் பற்றியும் கேட்பீர்கள். இங்கே எட்டாம் வகுப்பில், 12-13 வயதில், பையன்களுக்கும் பெண்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள். 2023 செப்டம்பர் முதல் ஒரே ஊசிதான். நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும் மூன்று. பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். படிக்க வந்திருக்கும் பெண்ணுக்கு 25 வயது நிறையவில்லை என்றால் ஜி.பி.யிடம் கேட்டு இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஊரில் போட்டிருந்தால் அந்த அட்டையைக் காட்டுங்கள். ஏற்கெனவே உடலில் உள்ள வைரஸை ஊசி விரட்டாது. எல்லா வகைகளையும் தடுக்கவும் செய்யாது. ஆகவே ஊசி போட்டவர்களும் 25 வயதிலிருந்து பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மாதவிலக்குக்கு இடையிலோ உடலுறவுக்குப் பின்னோ மாதவிலக்கு நின்ற பிறகோ இரத்தம் பட்டால் அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சென்ற மாதம்தான் ‘இல்லை’ என்று முடிவு வந்திருந்தாலும் நேரே ஜி.பி.யிடம் போங்கள். வாடகை வீடு மாறும்போது புது முகவரியை ஜி.பி. வரவேற்பறையில் சொல்லிவிடுங்கள், கால்போஸ்கோப்பிக்கான தேதி பழைய வீட்டின் கதவிடுக்கில் விழுந்து கிடக்கக் கூடாது.