அப்பா மட்டும் வாசலைப் பார்த்த படம்

வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்கு ஓர் அக்கா மூன்று படங்களோடு வந்தார். அம்மா, காலமான அப்பா, துபாயில் இருக்கும் தம்பி. மூவரும் ஒரே ஃப்ரேமில் வேண்டும்.

அப்பாவை இடது ஓரத்தில் ஒட்டினேன். முகம் வெளியே திரும்பியிருந்ததால், வாசலில் யாரையோ தேடுவதுபோல இருந்தது. சரி என்று படத்தை இடவலமாகத் திருப்பினேன். "அப்பாவுக்கு மச்சம் இந்தக் கன்னத்துல இல்லையே தம்பி" என்றார் அக்கா. சட்டைப் பையும் வலப்பக்கம் போயிருந்தது. படத்தைப் பழையபடியே ஆக்கிவிட்டு, அவரை வலது ஓரத்துக்கு மாற்றினேன். முகம் தானாகக் குடும்பத்தின் பக்கம் திரும்பிவிட்டது. மறுபடி எடுக்க முடியாத படம் அது ஒன்றுதான், அதற்கேற்பத்தான் மற்றவர்கள்.

அம்மாவின் முகம் நேராக இருந்தது, பார்வை மட்டும் சற்று ஒதுங்கியிருந்தது. கருவிழியைத் தனி லேயரில் எடுத்து இரண்டு பிக்ஸல் நகர்த்தினேன். விழியில் மின்னும் வெளிச்சப் புள்ளியை இருந்த இடத்திலேயே விட்டேன். இருபுறமும் வெள்ளை சமமானதும் பார்வை நேரானது. அப்பாவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. முகம் திரும்பியிருந்தால், கேமராவைப் பார்க்கும் கண்ணிலும் வெள்ளை ஒருபக்கம் கூடுதலாகத்தான் தெரியும்.

தம்பியுடையது செல்ஃபி, லென்ஸை விட்டுத் திரையைப் பார்த்திருந்தார். கருவிழியை மேலே ஏற்றினால் கீழே வெள்ளை தெரிந்து, மிரண்ட முகமாகிவிட்டது. அப்புறம் வாட்ஸ்அப்பில் சொன்னேன்: "போனை நண்பர்கிட்ட கொடுங்க, கண் உயரத்துல, ரெண்டு மீட்டர் தள்ளி. முகம் கொஞ்சம் இடது தோள் பக்கம், கண்ணு லென்ஸ்ல." அந்தப் படம் இடது ஓரத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.