தலைப்புகளை மட்டும் வாசித்துப் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வங்கிக் கடனுக்கான பிரசன்டேஷன் தயாராகிக்கொண்டிருந்தது. ஆட்டோமேட்டிக் ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷின் வாங்க 60 லட்சம் கேட்கிறார்கள். ஸ்லைடுகளைப் போட்டது முதலாளியின் மகன். சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை.

இப்படி ஒரு டெக் கைக்கு வந்தால் முதலில் தலைப்புகளை மட்டும் ஒன்று முதல் கடைசி வரை வாசிப்பேன். படம், அட்டவணை, புள்ளி வரிகள் எதையும் பார்க்கமாட்டேன். வாசித்து முடிக்கும்போது ஒரு பத்தி படித்த மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் கதை எங்கேயோ அறுந்திருக்கிறது. இதைச் சொன்னதும் அந்தத் தம்பி, "நானும் அப்டித்தானுங்ணா படிச்சுப் பாத்தேன், சரியாத்தான் இருக்குதுங்" என்றார். பார்த்தது உண்மைதான், ஆனால் பார்த்த விதத்தில் கோளாறு.

அவர் வைத்திருந்த தலைப்புகள்: நிறுவன அறிமுகம், எங்கள் பையர்கள், ஏற்றுமதி நிலவரம், தற்போதைய சவால்கள், மெஷின் விவரம், திட்டச் செலவு, நிதி மதிப்பீடு, நன்றி.

அடுக்களையில் டப்பா மேல் ஒட்டிய சீட்டுகள் மாதிரிதான் இவை. மஞ்சத்தூள், மல்லித்தூள், சீரகம் என்று வரிசையாக வாசித்தால் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று தெரியாது. இந்த எட்டுத் தலைப்பையும் அப்படியே எடுத்துப் பொள்ளாச்சியில் கயிறு மில் வைத்திருப்பவருக்கோ, கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்பவருக்கோ கொடுத்தாலும் ஒரு எழுத்து மாற்றாமல் பொருந்தும். எவருடைய டெக்குக்கும் பொருந்துகிற தலைப்பு எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். சொல்லாத ஒன்றில் முரண்பாடு எப்படித் தெரியும்? அதனால்தான் சீட்டுத் தலைப்புகளை வைத்துச் செய்கிற சோதனையில் எல்லா டெக்கும் பாஸ் ஆகிவிடுகிறது. முதலில் ஒவ்வொரு தலைப்பையும் வினைச்சொல்லோடு முடிகிற ஒரு முழு வாக்கியமாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாசித்துப் பார்ப்பதில் பொருள் உண்டு.

உட்கார்ந்து மாற்றினோம். நடுவில் இருந்த நான்கு தலைப்புகள் இப்படி வந்தன:

பத்து வருடமாக அதே மூன்று பையர்களுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறோம்.

போன வருடம் 14 ஷிப்மென்டில் 5 கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் போனதால் 31 லட்சம் கைக்காசு போனது.

60 லட்சத்தில் சொந்தப் பிரிண்டிங் மெஷின் போட்டால் பிரிண்டிங் வேலை ஆறு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறையும்.

மெஷினுக்குப் போட்ட பணம் இரண்டு வருடத்தில் திரும்பிவிடும்.

இப்போது தம்பி மறுபடி வாசித்தார். "சூப்பரா இருக்குதுங்ணா." நான் வாசித்தாலும் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த தவறு இதுதான், நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். டெக்கை எழுதியவரோ, அந்தக் கம்பெனியின் சங்கதி தெரிந்தவரோ வாசித்தால் இரண்டு தலைப்புக்கு நடுவில் இருக்கும் பள்ளம் கண்ணில் படாது. மனசு தானாக ஒரு பலகையைப் போட்டுத் தாண்டிவிடும். மெர்ச்சன்டைசரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வதும் வீண். அவருக்கும் எல்லாம் தெரியும்.

நான் செய்வது, போனில் வாசித்துக் காட்டுவது. போனில் என்றால் கேட்பவருக்குப் படம் தெரியாது, கிராஃப் தெரியாது, காதில் விழுவது தலைப்பு மட்டும்தான். சோமனூரில் விசைத்தறி ஓட்டும் என் மச்சினனைக் கூப்பிட்டேன். துணி தெரிந்தவர், ஆனால் பனியன் ஏற்றுமதி அவருக்குப் புதுசு. நாலையும் வாசித்ததும் கேட்டார்: "ஏனுங் மச்சான், கப்பல் தப்புனதுக்கும் பிரிண்டிங்குக்கும் என்ன சம்பந்தமுங்?"

சம்பந்தம் எங்களுக்குத் தெரியும். டி-ஷர்ட்டில் மார்புப் படம் அடிப்பது தைத்த பிறகு அல்ல, பெரும்பாலும் வெட்டிய துண்டில்தான். அந்தக் கட் பீஸ் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் தையல் லைன் ஓடும். அங்கே சீசன் நெரிசலில் நாலு நாள் பிந்தினால் லைன் சும்மா நிற்கும், தூத்துக்குடியில் கப்பல் போய்விடும். இது முழுக்க எங்கள் தலையில் இருந்தது, டெக்கில் ஒரு வரிகூட இல்லை. வங்கி மேனேஜர் என் மச்சினனைவிட அதிகம் தெரிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

போனில் வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு இரண்டு தலைப்புக்கும் நடுவில் ஒரு சொல்லைப் போட்டு உரக்க வாசிக்கலாம். "அதனால்", "ஏனென்றால்", "ஆனால்" இந்த மூன்றில் ஒன்று இயல்பாக உட்கார வேண்டும். "அப்புறம்" மட்டும்தான் உட்காருகிறது என்றால் அந்த இடத்தில் கதை இல்லை, பட்டியல்தான் இருக்கிறது. எங்கள் நாலில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் "அதனால்" போட்டுப் பாருங்கள்: விமானத்தில் போனதால் 31 லட்சம் போனது, அதனால் பிரிண்டிங் மெஷின். நாக்கு தடுக்குகிறது அல்லவா? அதுதான் பள்ளம். இங்கே சிலர் ஒரு குறுக்குவழி பிடிப்பார்கள். தலைப்பிலேயே "எனவே" என்று எழுதிவிடுவார்கள். எழுதினால் வாசிப்பு வழுக்கிக்கொண்டு போகும், பள்ளம் அப்படியே இருக்கும். அந்த இணைப்புச் சொல் வாசிப்பவர் வாயில்தான் வர வேண்டும், ஸ்லைடில் இருக்கக் கூடாது.

சரி, நடுவில் ஒரு ஸ்லைடு சேர்ப்போம் என்று தம்பி உடனே தலைப்பு அடித்தார்: "அந்த 5 ஷிப்மென்டும் பிந்தியது வெளிப் பிரிண்டிங் தாமதத்தால்தான்." இப்போது வாசித்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. இந்த இடத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கும்: கதை ஓட வேண்டும் என்பதற்காகத் தலைப்பை எழுதிவிட்டு, ஸ்லைடின் உடம்பில் அதற்குச் சாட்சி இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது. தலைப்பு வாசிப்பு ஒரு ஸ்லைடுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தொடர்பை மட்டும்தான் சோதிக்கும். ஒரு ஸ்லைடின் தலைக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பை அது தொடவே தொடாது. பொய்யும் வரிசையாக அடுக்கினால் நன்றாகவே ஓடும்.

டிசி புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். கட் பீஸ் எந்தத் தேதி வெளியே போனது, எந்தத் தேதி உள்ளே வந்தது என்று டெலிவரி சலானில் இருக்கும். ஐந்து ஆர்டரையும் தேதி பார்த்துக் குறித்தோம். மூன்றில் பிரிண்டிங்தான் பிந்தியிருந்தது. நாலாவதில் கட் பீஸ் பிரிண்டிங்குக்குப் போனதே பத்து நாள் தள்ளி, ஏனென்றால் துணி சாயப்பட்டறையிலிருந்து வரவில்லை. ஐந்தாவதில் பையர் கலரை மாற்றியிருக்கிறார், அவர் அனுமதி வரவே நாளாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் மெஷின் வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆக அந்தத் தலைப்பு "5 ஷிப்மென்டில் 3 பிந்தியது வெளிப் பிரிண்டிங் தாமதத்தால்" என்று மாறியது. அதோடு நிற்கவில்லை. அந்த மூன்றுக்கான விமானச் செலவு 19 லட்சம்தான். முன்பு 60 லட்சத்தை 31 லட்சத்தால் வகுத்து இரண்டு வருடம் என்று சொல்லியிருந்தோம். இப்போது 19 லட்சத்தால் வகுத்தால் மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. (மிச்சமாகும் ஜாப் ஒர்க் கூலியும், இங்க், ஆள், கரண்டு செலவும் சரிக்குச் சரி என்று வைத்த கணக்கு இது. அதையும் ஸ்லைடில் எழுதினோம்.) கடைசித் தலைப்பும் மாறியது. ஒரு தலைப்பைத் திருத்தினால் அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது, பின்னால் வருகிற எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டும். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. ஐந்து வருடக் கடனுக்கு மூன்று சொச்சம் ஒன்றும் கெட்ட எண் இல்லை என்று சொல்லித்தான் தேற்றினேன்.

சின்னச் சின்னத் தவறுகள் வேறு உண்டு. பவர்பாயின்டில் தலைப்புகளை மட்டும் பார்க்க `View` போய் `Outline View` எடுத்து, இடப்பக்கம் ரைட் கிளிக் செய்து `Collapse`, `Collapse All` கொடுத்தால் போதும். ஆனால் தலைப்புக்கென்று ஸ்லைடில் இருக்கும் கட்டத்தில் அடித்தது மட்டும்தான் அங்கே வரும். தனியாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டுப் பெரிய எழுத்தில் அடித்திருந்தால் அந்த ஸ்லைடு அங்கே வெறுமையாக நிற்கும். தம்பியின் டெக்கில் இரண்டு அப்படி இருந்தன. பட்டியலில் வெறுமையைப் பார்த்துக் கதை அறுந்துவிட்டது என்று நினைக்காமல் ஸ்லைடைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

வாக்கியம் எழுதச் சொன்னால் சிலர் ஒரு பத்தியையே தலைப்பில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு வரிக்கு மேல் போனால் அநேகமாக அதில் இரண்டு கருத்து இருக்கும். ஸ்லைடைப் பிரிக்க வேண்டும், எழுத்தைச் சிறிதாக்கி அடக்கக் கூடாது.

இன்னொன்று நேரம். கிராஃப் எல்லாம் போட்டு, கலர் எல்லாம் கொடுத்து, மறுநாள் காலை மீட்டிங் என்கிற ராத்திரியில் இந்த வாசிப்பைச் செய்தால், அறுந்த இடம் தெரிந்தாலும் யாருக்கும் மாற்ற மனசு வராது. வெற்று ஸ்லைடில் தலைப்பு மட்டும் எழுதிய நிலையில், முதல் நாளே வாசிக்க வேண்டும். அப்போது ஒரு ஸ்லைடைத் தூக்கிப் போடுவது ஒரு நிமிட வேலை.

எல்லா டெக்கிலும் இதைச் செய்யவும் கூடாது. மாதாமாதம் வருகிற உற்பத்தி ரிப்போர்ட்டில் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று சீட்டுத் தலைப்பு இருப்பதுதான் வசதி. அதில் ஆள் தனக்கு வேண்டிய பக்கத்தைத் தேடி எடுக்கிறார், கதை கேட்க வரவில்லை.

திருத்திய தலைப்புகளை மச்சினனுக்கு மறுபடி போனில் வாசித்தேன். இந்த முறை எங்கும் தடுக்கவில்லை. "இப்பப் புரியுதுங்" என்றவர், வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டார்: "ஒத்த மெஷினத்தான வாங்கறாங்க, அது ரிப்பேர் ஆயிருச்சுன்னா?" அதற்கு டெக்கில் ஸ்லைடே இல்லை. இருந்த தலைப்புகள் ஒன்றோடொன்று பொருந்திவிட்டதால், இல்லாத ஒன்றைத் தலைப்பு வாசிப்பு காட்டிக்கொடுக்கவில்லை. முதலாளியிடம் கேட்டபோது, பழைய ஜாப் ஒர்க் ஆட்களில் ஒருவருக்குக் கொஞ்ச வேலை தொடர்ந்து கொடுத்துக் கையில் வைத்துக்கொள்ளத்தான் போகிறோம் என்றார். அதை அப்படியே ஒரு வாக்கியமாக்கி, கடைசித் தலைப்புக்கு முன்னால் சேர்த்தோம்.