வெட்டு மேசைக்குப் போகாத வேலை

சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் குடும்பத் தையல் கடைக்கு முக்கால்வாசி வேலை ரவிக்கைதான். தீபாவளிக்கு முன் மூச்சுவிட நேரமிருக்காது, அப்புறம் மெஷின்கள் சும்மா கிடக்கும். தம்பி ஆண்கள் சட்டை தைக்கலாம் என்றான். நான் ஒப்பவில்லை. கடையில் துணி வெட்டுவது அப்பா ஒருவர்தான். அவர் மேசையில் சட்டையும் சேர்ந்தால், வருஷக்கணக்காக வருகிற அக்காமார்களின் ரவிக்கைதான் தள்ளிப்போகும்.

ஆகவே வெட்டு மேசைக்கே போகாத வேலையாகத் தேடினோம். வாடிக்கையாளரின் சொந்தப் புடவையையே மடிப்பு வைத்து, அப்படியே உடுத்தும்படி தைத்துக் கொடுப்பது. இதை ஃபால்ஸ் வைக்கும் அம்மாவே செய்துவிடுவார்.

எங்கள் ரவிக்கை அளவு நோட்டு இதற்குப் போதாது. புடவை கட்டும் இடத்தில் இடுப்பளவும், அங்கிருந்து தரைவரை உயரமும் புதிதாக எடுக்க வேண்டும். உயரத்தை வாடிக்கையாளர் போடும் செருப்போடு எடுக்காவிட்டால் கரை கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும்.

வழக்கமாக வரும் ஓர் ஆசிரியை அம்மா பட்டுப் புடவையைக் கொடுக்கத் தயங்கினார். நியாயம்தான். பட்டில் கத்தரி வைப்பதில்லை, மடிப்பின் மேல்விளிம்பில் கையால் ஓட்டுத்தையல் மட்டும்தான், பிரித்தால் முழுப் புடவையும் திரும்பக் கிடைக்கும் என்று காட்டினோம். விசேஷம் முடிந்ததும் பிரித்துவிடவும் சொன்னோம். ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்தால் ஜரிகை முறியும். ஜார்ஜெட் என்றால் இடுப்புப்பட்டியும் கொக்கியும் வைத்து நிரந்தரமாகத் தைக்கிறோம்.

தீபாவளி நெருங்கினால் இந்த ஆர்டரை நிறுத்திவிடுவோம். ரவிக்கைக்குத்தான் முதலிடம். தம்பி இன்னும் சட்டையை விடவில்லை.