பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்குக் கல்விக் கடன்: வட்டிக்கு வரிவிலக்கு பெறுவது எப்படி?

வருமான வரிச் சட்டம் 1961-இன் 80E பிரிவின்படி, உயர்கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம்; உச்சவரம்பு கிடையாது. படிப்பு வெளிநாட்டில் என்றாலும் தடையில்லை. அசலுக்குச் சலுகை இல்லை. கீழே உள்ள விதிகளும் கணக்கும் 2025-26 நிதியாண்டுக்கானவை.

1. கடன் யார் பெயரில், யாரிடம்?

கழிவு, கடன் வாங்கியவருக்குத்தான். கடன் மகள் பெயரில் மட்டும் இருந்து, அப்பா வட்டி கட்டினால் அப்பாவுக்குப் பயனில்லை. மகளுக்கு இந்தியாவில் வரி கட்டும் வருமானம் இல்லாததால் அவருக்கும் இல்லை. ஆகவே கடன் ஒப்பந்தத்தில் நீங்கள் கடன்தாரராகவோ இணைக் கடன்தாரராகவோ இருக்க வேண்டும். வெறும் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டிருந்தால் போதாது. இதைக் கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள். பின்னர் மாற்றுவது பெரும்பாடு.

கொடுப்பவர் வங்கியாகவோ, அரசு அறிவிக்கை செய்த நிதி நிறுவனமாகவோ, அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளையாகவோ இருக்க வேண்டும். உறவினரிடம் வாங்கிய கடனும் அலுவலகத்தில் வாங்கிய கடனும் சேராது. இந்தப் பட்டியலில் வராத வெளிநாட்டு நிறுவனம் கொடுத்த கடனும் அப்படியே. வட்டி குறைவு என்று நகைக்கடனிலோ வீட்டை அடமானம் வைத்தோ பணம் திரட்டுபவர்கள், இந்தச் சலுகை போவதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

2. எட்டு ஆண்டுக் கடிகாரம்

பலரும் கோட்டைவிடும் இடம் இது. வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டும் அடுத்த ஏழு ஆண்டுகளும் மட்டுமே கழிவு. கடன் வாங்கிய நாள் இதற்குப் பொருட்டல்ல. படிப்புக் காலத்தில் தவணைக்கு விலக்கு இருக்கும்போதே மாதாமாதம் சிறு தொகையை வட்டியாகக் கட்டினாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அப்படிக் கட்டினால் கடன் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் 15 ஆண்டுக் கடனில் ஒன்பதாம் ஆண்டு முதல் கழிவு இல்லை. கழிவு இல்லாத புதிய வரிமுறையில் நீங்கள் இருந்த ஆண்டுகளும் இந்த எட்டில் அடங்கும்.

கட்டாமல் ஏறிக்கொண்டே போகும் வட்டிக்கு அந்த ஆண்டில் கழிவு கிடையாது. கையிலிருந்து உண்மையில் போன வட்டிதான் கணக்கு.

3. பழைய முறையா, புதியதா?

80E கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே. தானாக அமைவது புதிய முறை. எனவே முதலில் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

60 வயதுக்குட்பட்ட ஒரு தந்தையின் ஆண்டுச் சம்பளம் ₹18 லட்சம், அந்த ஆண்டு கட்டிய கல்விக் கடன் வட்டி ₹3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் நிலைக் கழிவு ₹50,000, 80C ₹1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு ₹25,000, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி ₹2 லட்சம், இவற்றோடு கல்விக் கடன் வட்டியையும் கழித்தால் மிச்சம் ₹10.75 லட்சம். செஸ் உட்பட வரி ₹1,40,400. புதிய முறையில் ₹75,000 நிலைக் கழிவு போக ₹17.25 லட்சத்துக்கு வரி ₹1,50,800. பழையதில் ₹10,400 மிச்சம்.

இதே தந்தைக்கு வீட்டுக் கடன் இல்லையென்றால்? பழைய முறை வரி ₹2,02,800 ஆகிவிடும். புதிய முறையே ₹52,000 லாபம். மூன்று லட்சம் வட்டி கட்டியும் 80E பயன்படாமல் போகிறது. கல்விக் கடன் இருக்கிறது என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு பழைய முறைக்குப் போகாதீர்கள்.

4. சான்றிதழ்

நிதியாண்டு முடிந்ததும் வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் கேளுங்கள். அதில் அசலும் வட்டியும் தனித்தனியே இருக்கவேண்டும். 'விதிக்கப்பட்ட வட்டி' என்ற எண்ணை எடுத்துப் போடுவது வழக்கமான தவறு. 'செலுத்திய வட்டி' எது என்று பாருங்கள், கணக்கு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். தவணை உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும். பெற்றோர் இருவரும் இணைக் கடன்தாரர் என்றால் அவரவர் கட்டிய பங்கை அவரவர் கோரலாம்; ஒரே ரூபாயை இருவர் கோர முடியாது.

5. படிவத்தில் நிரப்புவது

சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் படிவம் 12BB-இல் வட்டியைக் காட்டினால் மாதச் சம்பளத்திலேயே பிடித்தம் குறையும். அங்கே விட்டுப்போனாலும் ரிட்டர்னில் கோரலாம். ரிட்டர்னில் முதலில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, பிறகு `80E` அட்டவணையைத் திறங்கள். கடன் கொடுத்தவர் பெயர், கடன் கணக்கு எண், ஒப்புதல் தேதி, கடன் தொகை, மார்ச் 31 அன்று உள்ள நிலுவை, வட்டி ஆகியவற்றைக் கேட்கும். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

கெடு தேதியைத் தவறவிட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஆண்டின் கழிவு போய்விடும். தொழில் வருமானம் உள்ளவர்கள் அதே கெடுவுக்குள் `10-IEA` படிவத்தையும் தாக்கல் செய்தாக வேண்டும்.