பென்ஷன் மொத்தத்தொகையில் கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெற்றது

பிரிட்டனில் தனியார் பென்ஷன் பணத்தை 55 வயது முதல் எடுக்கலாம். 2028 ஏப்ரல் 6 முதல் அது 57. கடும் உடல்நலக்குறைவு போன்ற சில விலக்குகள் தவிர, அதற்கு முன் எடுத்தால் 40 சதவீத வரி, பெரும்பாலும் மேலும் 15 சதவீதம். "முன்கூட்டியே எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

வயது வந்த பிறகு வரும் சிக்கல் வேறு. நான் எடுத்தது 20,000 பவுண்டு. கால்பங்கு 5,000-க்கு வரியில்லை. மீதி 15,000-க்கு மட்டுமே வரி. அந்த ஆண்டில் எனக்கு வேறு வருமானம் இல்லை, ஆகவே 12,570 வரிவிலக்கு போக 2,430-க்கு 20 சதவீதம், அதாவது 486 பவுண்டுதான் வரவேண்டும். பிடித்ததோ சுமார் 5,130!

காரணம் பணப்பட்டுவாடா சீட்டிலேயே இருந்தது: `1257L M1`. கடைசியில் உள்ள `M1` அவசரக் குறியீடு. ஒரே தடவை வந்த பணத்தை மாதாமாதம் வரும் சம்பளமாக எண்ணி, வரிவிலக்கில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் கழிக்கிறது.

ஆண்டு முடியக் காத்திருக்கவில்லை. வரித்துறையின் இணையதளத்தில் `P55` படிவம் போட்டேன். கணக்கில் பணம் மிச்சமிருந்து, தொடர்ந்து எடுக்காதவர்களுக்கு அதுதான். முழுவதும் எடுத்து, வேறு வருமானமும் இருந்தால் `P53Z`, இல்லாவிட்டால் `P50Z`. ஆண்டின் மீதிக்கு எதிர்பார்க்கும் வருமானத்தையும் கேட்பார்கள், குறைத்துப் போடாதீர்கள்.

அடுத்தவர்களுக்கு ஒன்று: முதலில் சிறு தொகை எடுங்கள். சரியான குறியீடு பென்ஷன் நிறுவனத்துக்கு வந்தபின் பெரிய தொகையைக் கேளுங்கள். வரிக்குரிய பங்கைத் தொட்டதும், இவ்வகைப் பென்ஷனில் வரிச்சலுகையோடு போடக்கூடிய ஆண்டு வரம்பு 10,000 பவுண்டாகச் சுருங்கிவிடும். இன்னும் வேலையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.