உள்ளக வடிவமைப்பாளரை இடையில் நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவர்மலையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 24 இலட்சம் ரூபாய் மதிப்பீட்டில் வீட்டின் உள்ளக வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தது. மேற்கூரைப் பலகைக்கு 6, சமையலறை அலுமாரிகளுக்கு 9, படுக்கையறை அலுமாரிகளுக்கு 9 இலட்சம் என்பது கணக்கு. வரைபடக் கட்டணம் 1.5 இலட்சம் தனி. 15 இலட்சம் கைமாறிய பின், மொத்தம் 33 இலட்சம் ஆகும் என்று புதிய மதிப்பீடு வந்தது. கோபத்தில் வீட்டுக்காரர் தொலைபேசியிலேயே "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்ல இருந்தார்.

அதுவே முதல் தவறாக அமைந்திருக்கும். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது நிலையான விலையா, வெறும் மதிப்பீடா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மதிப்பீடாக இருந்தால், செலவு கூடியது என்பது மட்டுமே ஒப்பந்த மீறல் ஆகிவிடாது. கூடுதல் செலவில் எவ்வளவு நாமே வாட்ஸ்அப்பில் "சரி, செய்யுங்கள்" என்று ஒப்புக்கொண்டது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் கூடுதல் விளக்குகளுக்காக அப்படி ஒப்புக்கொண்ட தொகை 40,000 ரூபாய். அது கொடுக்க வேண்டியதே. மற்றதற்கு எந்த ஒப்புதலும் இருக்கவில்லை. அதன் பிறகே, ஒப்பந்தம் சொல்லும் அறிவித்தல் காலத்தைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பப்பட்டது.

இரண்டாவது தவறு, கொடுத்த பணத்தை வைத்து முடிந்த வேலையை மதிப்பிடுவது. இருவரும் சேர்ந்து அளந்து, படம் எடுத்து, ஒரே தாளில் கையொப்பமிட வேண்டும். மேற்கூரை முழுமையாக முடிந்திருந்ததால் 6 இலட்சம். சமையலறையில் பெட்டிகள் மட்டும் பொருத்தப்பட்டிருந்தன, கதவுகளும் மேற்பலகையும் இல்லை. பாதி என்று இருவரும் இணங்கி 4.5 இலட்சம். படுக்கையறைக்கு வேலை எதுவும் நடக்கவில்லை, ஆனால் 1.8 இலட்சத்துக்குப் பலகை வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தது. பட்டறையில் கிடக்கும் பலகைக்குப் பணம் கொடுப்பது ஆபத்து என்பதால், அது வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகே கணக்கில் சேர்த்தார்கள். முடிந்த வரைபடங்களுக்கு 1 இலட்சமும் விளக்குக்கான 40,000 ரூபாயும் சேர்த்து மொத்தம் 13.7 இலட்சம். வடிவமைப்பாளர் திருப்பித் தர வேண்டியது 1.3 இலட்சம்.

அவர் அதை இரண்டு தவணைகளாகத் தருவதாகச் சொன்னார். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: வரைபடங்களையும் கடைசித் தவணையோடு வாங்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த 1.3 இலட்சத்தைவிட வரைபடங்களே பெறுமதியானவை என்பது என் கருத்து. மேற்கூரைக்குள் மின்கம்பிக் குழாய் எந்த வழியில் போகிறது என்பதும், அலுமாரிப் பலகைகளின் வெட்டளவுகளும் தெரியாமல், அடுத்து வரும் தச்சர் மூடிய மேற்கூரையைத் துளைத்துத்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே கணக்குத் தாளில் கையொப்பமிடும் நாளிலேயே அச்சுப் பிரதியையும், கணினியில் திருத்தக்கூடிய DWG வரைபடக் கோப்பையும் வாங்கி, அவர் முன்னிலையிலேயே திறந்து பார்க்க வேண்டும். படமாக மாற்றிய கோப்பில் அளவுகளைத் திருத்த முடியாது.

ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கக்கூடும். அதனால், "இந்த வீட்டின் மீதி வேலையை வேறொருவரைக் கொண்டு முடிக்க இவ்வரைபடங்களைப் பயன்படுத்தலாம்" என்ற ஒரு வரியை அதே தாளில் எழுதி வாங்கினார்கள்.